படத்தை முதலில் வரையுங்கள்: பார்மகாலஜி நெடுவிடை எழுதப் போகிற தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை செங்காங்கில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசையில் உட்கார்ந்து நீங்கள் ஐந்து பேரும் எழுதிய விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன். அப்பா அம்மா இங்கே, எம்பிபிஎஸ் படிப்பு தமிழ்நாட்டில் என்று இருக்கிற உங்களுக்கு விடுமுறை முடிய இன்னும் இரண்டு வாரம்தான். திரும்பிப் போனதும் பல்கலைக்கழகத் தேர்வு. ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ஐந்திலும் ஒரே விஷயத்தைத்தான் எழுத வேண்டியிருந்தது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்தக் கடிதம்.

பாடம் உங்களுக்குத் தெரிகிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களில் ஒருத்தி வரைந்த நெஃப்ரான் அவ்வளவு அழகு. குளோமருலஸுக்குள் ஒவ்வொரு தந்துகியும் சிவப்புப் பென்சிலில், கலெக்டிங் டக்ட் வரைக்கும் நிழல் போட்டு, நிதானமாக வரைந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், 11 நிமிடம் ஆனது. ஆனால் அந்தப் படத்தில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. பிசியாலஜி தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். பார்மகாலஜியில் மருந்து எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று படம் காட்ட வேண்டும். இன்னொரு தம்பி நான்கு பக்கம் எழுதியிருந்தான், ஒரு தலைப்பும் இல்லை. எழுதியது எல்லாமே சரி. பொட்டாசியம் குறைவதைப் பற்றி மிக நன்றாக எழுதியிருந்தான், ஆனால் அது மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு நீண்ட பத்திக்குள் கிடந்தது. நான் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

தமிழ்நாட்டில் வேலை பார்த்த காலத்தில் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். திருத்துகிறவர் கையில் ஒரு விடைக்குறிப்பு இருக்கும். (அ)வுக்கு இவ்வளவு, (ஆ)வுக்கு இவ்வளவு என்று அதில் பிரித்துப் போட்டிருக்கும். தாளைத் திறந்ததும் அவர் கண் (அ) எங்கே, (ஆ) எங்கே என்றுதான் தேடும். கிடைத்த இடத்தில் மதிப்பெண் போடுவார். கிடைக்காத இடத்தில் திரும்பிப் போய்ப் படிக்க அவருக்கு நேரம் இருப்பதில்லை.

சரி, நாம் எழுதிய அதே கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

62 வயது ஆண். இதயச் செயலிழப்புக்காக மூன்று வருடமாக டிஜாக்சின் எடுத்து வருகிறார். நள்ளிரவில் திடீரென்று மூச்சுத் திணறி எழுந்து உட்கார்கிறார். இருமினால் இளஞ்சிவப்பு நுரை வருகிறது. இரண்டு நுரையீரலிலும் அடிவரை கிரெப்பிடேஷன். (அ) டையூரெடிக் மருந்துகளை வகைப்படுத்துக: 3 மதிப்பெண். (ஆ) இவருக்கு எந்த டையூரெடிக், ஏன்: 2. (இ) அது வேலை செய்யும் விதம், படத்துடன்: 5. (ஈ) அதன் பாதக விளைவுகளும் டிஜாக்சினோடு அது மோதும் விதமும்: 5. மொத்தம் 15.

மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 15 மதிப்பெண்ணுக்கு 27 நிமிடம் வரும். கேள்வியைப் படிக்கவும் கடைசியில் ஒருமுறை பார்க்கவும் கொஞ்சம் ஒதுக்கினால், கையில் இருப்பது 23, 24 நிமிடம். இதில் இரண்டு படத்துக்கும் சேர்த்து 7 நிமிடம் தருகிறேன். அந்த 7 நிமிடத்தை விடையின் தொடக்கத்திலேயே செலவழித்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் எழுதி முடித்துவிட்டு, மிச்ச இடத்தில் ஒரு படத்தைத் திணிக்கிறார்கள். அப்படி வரைந்த படம் விடைக்கு எந்த உதவியும் செய்வதில்லை. முதலில் வரைந்துவிட்டால், அடுத்து எழுத வேண்டிய ஒவ்வொரு தலைப்பும் அந்தப் படத்திலிருந்தே எழும்பி வரும். மனப்பாடம் செய்த பட்டியலில் ஐந்தாவது பெயர் மறந்துபோனாலும், படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கலாம்.

முதல் படம் நெஃப்ரான். இதைப் பென்சிலை எடுக்காமல் ஒரே கோடாக வரையப் பழகுங்கள். இடது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம், அதிலிருந்து நெளிந்து வரும் கோடு, நேராகக் கீழே இறக்கம், ஹேர்பின் மாதிரி ஒரு வளைவு, மறுபடி மேலே ஏற்றம். ஏறும் பகுதியை மட்டும் இன்னொரு முறை மேலே பென்சிலை ஓட்டித் தடிமனாக்குங்கள். அப்புறம் மேலே ஒரு சின்ன நெளிவு, அங்கிருந்து நேராகக் கீழே கலெக்டிங் டக்ட். அவ்வளவுதான். தந்துகி வேண்டாம், நிழல் வேண்டாம், நிறம் வேண்டாம். பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம்.

இப்போது நான்கு இடத்தில் எண் போடுங்கள். முதல் நெளிவில் 1, தடித்த ஏறுகோட்டில் 2, மேலே உள்ள சின்ன நெளிவில் 3, கலெக்டிங் டக்டில் 4. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் வலது பக்கமாக ஒரு நேர்க்கோடு. கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது. கோட்டின் முனையில் மருந்தின் பெயர்: 1-ல் அசிட்டசோலமைடு, 2-ல் ஃபுரோசமைடு, 3-ல் ஹைட்ரோகுளோரோதையசைடு, 4-ல் ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு. மானிட்டால் 1-லும் ஹென்லி வளைவிலும் வேலை செய்வதால் அதை மட்டும் படத்துக்குக் கீழே தனியாக எழுதிவிடுங்கள். (அ)வுக்கான வகைப்பாடு இதோ முடிந்துவிட்டது. இதையே பக்கத்தில் ஒரு நான்கு வரி அட்டவணையாக, வகைக்கு இரண்டு மருந்து வீதம் எழுதினால் போதும், 3 மதிப்பெண் வந்துவிடும். ஒரு தம்பி இதற்கே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அவனுக்கு (ஈ) எழுத நேரம் இல்லாமல் போனது இங்கேதான்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், வடிகட்டப்பட்ட சோடியத்தில் எவ்வளவு அங்கே திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று எழுதுங்கள். 1-ல் சுமார் 65 சதவீதம், 2-ல் சுமார் 25, 3-ல் ஏறக்குறைய 5, 4-ல் அதைவிடக் குறைவு. இந்த நான்கு எண்களைப் போட்டதும் உங்களுக்கே ஒரு கேள்வி வர வேண்டும். 65 சதவீதம் உறிஞ்சும் இடத்தில் வேலை செய்யும் அசிட்டசோலமைடு ஏன் பலவீனமான டையூரெடிக்? 25 சதவீத இடத்து ஃபுரோசமைடு ஏன் எல்லாவற்றையும்விட வலிமையானது? படத்தைப் பார்த்தாலே பதில் தெரியும். 1-ல் தப்பித்த சோடியத்தைப் பிடிக்கக் கீழே 2 காத்திருக்கிறது, அதற்குக் கொள்ளளவு அதிகம். 2-ல் தப்பித்ததைப் பிடிக்க 3, 4 மட்டுமே மிச்சம், அவற்றால் அவ்வளவைச் சமாளிக்க முடியாது. மேலும் சிறுநீரக மெடுல்லாவில் உப்புச் செறிவை உண்டாக்குவதே 2தான். அதை நிறுத்தினால் கலெக்டிங் டக்ட் தண்ணீரை இழுத்துச் சேமிக்கும் வழியும் அடைபடுகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி ஒன்றரை லிட்டர் மட்டும் வெளியே விடும் உறுப்பில், இந்த ஒரு இடத்தைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'ஹை சீலிங்' என்ற சொல்லை எழுதிவிட்டு இந்த இரண்டு வாக்கியத்தைச் சேர்த்தால், நீங்கள் புரிந்துதான் எழுதுகிறீர்கள் என்று திருத்துகிறவருக்குத் தெரியும்.

(ஆ)வுக்குத் தலைப்பு கேள்வியின் சொற்களிலேயே இருக்கட்டும்: 'தேர்ந்தெடுக்கும் டையூரெடிக்கும் காரணமும்'. ஃபுரோசமைடு 40 மில்லிகிராம், சிரை வழியாக, மெதுவாக. காரணம் எழுதும்போது ஐந்து பேருமே 'நிறைய சிறுநீர் போகும்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது பாதிக் காரணம்தான். சிரையில் போட்ட சில நிமிடங்களிலேயே, சிறுநீர் பெருகுவதற்கு முன்பே, சிரைகள் விரிந்து இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. நுரையீரலில் அழுத்தம் தணிகிறது. நள்ளிரவில் மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கிறவருக்கு முதலில் கிடைக்கும் ஆறுதல் அதுதான். இது நெஃப்ரான் படத்தில் எங்கேயும் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் விட்டுப்போகிறது. படத்தின் ஓரத்தில் 'சிரை விரிவு' என்று இரண்டு சொல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாயால் கொடுத்தால் எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். அதைத் 'தண்ணி மாத்திரை' என்றுதான் சொல்வார். காலை ஏழு மணிக்குப் பசியாறிவிட்டு மாத்திரை போடுகிறார். ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும், மதியம் ஒரு மணிவாக்கில் அடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் தேக்காவுக்குப் பேருந்து ஏறுகிறார். சுமார் ஆறு மணி நேரம் என்பதை இனி நீங்கள் மறக்க மாட்டீர்கள். காலையில் கொடுக்கச் சொல்வதற்கும், ராத்திரியில் கொடுக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

இப்போது (இ). இரண்டாவது படம் இங்கே வர வேண்டும். முதல் படத்தின் 2-ஐ உருப்பெருக்கியில் பார்ப்பது போல ஒரே ஒரு செல். ஒரு செவ்வகம் போடுங்கள். இடது பக்கம் 'சிறுநீர்', வலது பக்கம் 'ரத்தம்' என்று எழுதுங்கள். எந்தச் செல்லை வரைந்தாலும் எப்போதும் இதே பக்கம்தான் என்று வைத்துக்கொண்டால் தேர்வில் குழப்பம் வராது. இடது சுவரில் ஒரு வட்டம், அதன் வழியாக உள்ளே போகும் அம்புகள், பக்கத்தில் Na⁺-K⁺-2Cl⁻. வலது சுவரில் இன்னொரு வட்டம்: சோடியம் பம்ப், மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. வலது சுவரிலேயே குளோரைடு வெளியேறும் ஓர் அம்பு. அப்புறம் இடது சுவரில், முதல் வட்டத்துக்குக் கீழே, பொட்டாசியம் திரும்பச் சிறுநீர்ப் பக்கம் கசிந்து வரும் ஓர் அம்பு. இந்த அம்பை ஐந்து பேரில் நான்கு பேர் போடவில்லை. பாதி விடை இந்த அம்பில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். பொட்டாசியம் நேர்மின்னூட்டம் உள்ளது. அது மட்டும் திரும்பக் கசிந்து வருவதால் சிறுநீர்ப் பக்கம் நேர்மின் பக்கமாகிறது. அங்கே ஒரு '+' குறி போடுங்கள். அந்த '+' கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இரண்டு செல்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாக ரத்தப் பக்கம் தள்ளுகிறது. அதற்குச் செவ்வகத்துக்குக் கீழே ஒரு புள்ளிக்கோட்டு அம்பு. இப்போது முதல் வட்டத்தின் மேல் பெருக்கல் குறி போட்டு 'ஃபுரோசமைடு' என்று எழுதுங்கள். வட்டம் நின்றால் பொட்டாசியம் உள்ளே வராது, கசியவும் பொட்டாசியம் இருக்காது, '+' மறையும், புள்ளிக்கோட்டு அம்பும் நிற்கும். கால்சியமும் மக்னீசியமும் சிறுநீரோடு போய்விடும். ரத்தத்தில் கால்சியம் கூடிய நோயாளிக்குச் சலைன் நன்றாக ஏற்றிவிட்டு ஃபுரோசமைடு கொடுப்பதற்கு அடிப்படையும் இதுவே. ஓர் அம்பிலிருந்து ஒரு பாதக விளைவும் ஒரு பயனும் வந்துவிட்டன, பாருங்கள்.

பெருக்கல் குறியை எந்தப் பக்கத்திலிருந்து போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு தம்பி மருந்தின் அம்பை ரத்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்திருந்தான். இது சின்னப் பிழை மாதிரி தெரியும், ஆனால் பெரிய பிழை. ஃபுரோசமைடு ரத்தத்தில் பெரும்பாலும் புரதத்தோடு ஒட்டியே இருப்பதால் குளோமருலஸில் அதிகம் வடிகட்டப்படுவதில்லை. முதல் நெளிவில், அதாவது 1-ல், கரிம அமிலங்களைச் சுரக்கும் வழியாகச் சிறுநீருக்குள் வந்து, சிறுநீரோடு இறங்கி, 2-ஐச் சிறுநீர்ப் பக்கத்திலிருந்துதான் பிடிக்கிறது. இதைச் சரியாக வரைந்தால் இரண்டு விஷயம் விளங்கும். சிறுநீரகம் கெட்ட நோயாளிக்கு அதிக அளவு தேவைப்படுவது, மருந்து அந்த இடத்துக்கு வந்து சேரச் சிரமப்படுவதால். யூரிக் அமிலம் ரத்தத்தில் கூடுவதற்கு ஒரு காரணம், அதுவும் இதே சுரப்பு வழிக்குப் போட்டி போடுவது. முதல் படத்தில் 1-லிருந்து 2-க்கு ஒரு சின்ன அம்பு போட்டு 'சுரப்பு' என்று எழுதினால் போதும்.

(ஈ)க்கு வருவோம். 'பாதக விளைவுகள்' என்று ஒரு தலைப்பைப் போட்டு, கீழே பத்துப் பெயர்களை அடுக்குவது எல்லோருக்கும் பழக்கம். அந்தத் தலைப்பு இருக்கட்டும், ஏனென்றால் கேள்வியில் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் உள்தலைப்புகள் காரணத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'பொட்டாசியம் இழப்பு: 4-க்கு அதிகச் சோடியம் வருவதால்' என்று எழுதுங்கள். 2-ல் பிடிபடாத சோடியம் 4-க்குப் போய்ச் சேருகிறது. அங்கே அது உறிஞ்சப்படும்போது சிறுநீர்ப் பக்கம் எதிர்மின் பக்கமாகி, பொட்டாசியமும் ஹைட்ரஜனும் வெளியே இழுக்கப்படுகின்றன. உடலில் நீர் குறைவதால் ஆல்டோஸ்டிரோன் கூடி இதை இன்னும் வேகப்படுத்துகிறது. முதல் படத்தில் 2-லிருந்து 4-க்கு ஒரு வளைந்த அம்பு போட்டு, 4-ல் பொட்டாசியம் வெளியேறும் அம்பையும் போட்டுவிட்டால், இங்கே 'படம் 1-ல் 2-லிருந்து 4-க்குச் செல்லும் அம்பைப் பார்க்க' என்று ஒரு வரி எழுதி முன்னேறலாம். படத்தில் இருப்பதை மறுபடி பத்தியாக எழுதாதீர்கள். திருத்துகிறவர் அம்பைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பார்.

அடுத்த உள்தலைப்பு டிஜாக்சின். இந்த நோயாளிக்கு உயிருக்கே ஆபத்தானது இதுதான், அதனால் இதற்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள். உங்கள் இரண்டாவது படத்தில் வலது சுவரில் ஒரு சோடியம் பம்ப் வரைந்தீர்கள் அல்லவா? இதயத் தசையிலும் அதே மாதிரிப் பம்ப் இருக்கிறது, டிஜாக்சின் போய் ஒட்டுவது அதில்தான். பொட்டாசியமும் டிஜாக்சினும் அந்த இடத்துக்குப் போட்டி போடுகின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சின் அதிகமாக ஒட்டும். அளவைக் கூட்டாமலே நச்சு நிலை வந்துவிடும்: குமட்டல், பார்வையில் மஞ்சள் சாயல், இதயத் துடிப்பு தாறுமாறாவது. மக்னீசியம் குறைவதும் இதைக் கூட்டும், அது ஏன் குறைகிறது என்று மேலே '+' குறியில் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள். கடைசி வரியாக, என்ன செய்வது என்று எழுதுங்கள். ரத்தத்தில் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தால் பொட்டாசியம் கொடுக்க வேண்டும், அல்லது சிறுநீரகமும் பொட்டாசிய அளவும் இடம்கொடுத்தால் 4-ல் வேலை செய்யும் ஸ்பைரோனோலாக்டோனைச் சேர்க்கலாம். ஐந்து தாளில் ஒன்றில்கூட இந்த வரி இல்லை.

காது கேளாமையை எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள், ஏன் என்று யாரும் எழுதவில்லை. உட்செவியில் எண்டோலிம்ஃப் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பதும் இந்த Na⁺-K⁺-2Cl⁻ குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுதான். வேகமாக, அதிக அளவில் சிரையில் ஏற்றினாலும், ஜென்டாமைசினோடு சேர்த்துக் கொடுத்தாலும் ஆபத்து கூடும். படத்தில் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் 'உட்செவியிலும்' என்று எழுதிவிடுங்கள்.

படத்திலிருந்து வராத விஷயங்களும் உண்டு. சல்ஃபோனமைடு அமைப்பால் வரும் ஒவ்வாமையை எந்த அம்பும் காட்டாது. அதை மனப்பாடமாகத்தான் வைத்திருக்க வேண்டும். படம் எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் என்றும் நான் சொல்லவில்லை. காசநோய் மருந்துகளைப் பற்றிக் கேட்டால் நான்கு மருந்து, அவற்றின் இலக்கு, பாதகம், கண்காணிப்பு என்று ஓர் அட்டவணை போடுவதுதான் சரி. அங்கே பாக்டீரியாவின் சுவரை வரைந்து அழகுபடுத்தினால் நேரம்தான் போகும். வரைய வேண்டுமா என்று சந்தேகம் வந்தால், அந்தப் படத்தில் குறைந்தது மூன்று தலைப்புக்காவது அம்பு கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அட்டவணை போடுங்கள்.

எழுதும் முறையைப் பற்றி ஒன்றிரண்டு சின்ன விஷயம். படம் பென்சிலில், பெயர்கள் பேனாவில். தலைப்புகளுக்குக் கீழே ஒரே ஒரு கோடு. (அ), (ஆ) என்ற எழுத்தை ஓரத்தில் கேள்வித்தாளில் உள்ளபடியே போடுங்கள். (இ) முதலில் தெரிகிறது என்று வரிசையை மாற்றாதீர்கள். இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அழகாக வரைந்த அந்தத் தங்கையைத் திரும்பவும் புதன்கிழமை வரைய வைத்தேன். வெறும் பென்சில், இரண்டு படம், நேரம் பார்த்தேன். 6 நிமிடம் 40 விநாடி. பொட்டாசியம் கசியும் அம்பு இருந்தது, '+' இருந்தது, மருந்து சிறுநீர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. புள்ளிக்கோட்டு அம்பை மட்டும் விட்டுவிட்டாள். அதைக் காட்டுவதற்குள் அவளே "மேம், கால்சியம்!" என்று பென்சிலைத் திரும்ப எடுத்துவிட்டாள்.

வரும் ஞாயிறு மதியம் 3 மணி, அதே கல் மேசை. வருவதற்கு முன் எல்லோரும் 3-ன் செல்லை ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து, தையசைடுக்குப் பெருக்கல் குறி போட்டு எடுத்து வாருங்கள். அந்தச் செல்லில் கால்சியம் எதிர்ப்பக்கம் போகும், சிறுநீரில் குறையும். எந்த அம்பால் அப்படி ஆகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்து வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மேம்